மீட்டர் பின்னோக்கி ஓடாது

வேம்பாரில் 'ஜெராக்ஸ், ஆன்லைன்' என்று போர்டு மாட்டிய சிறிய கடை என்னுடையது. கடையைத் தொடங்கியபோது மனு எழுதிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. மீன்வளத் துறைக்கு, தாலுகா ஆபீசுக்கு, உப்பளக் கூலி பாக்கிக்கு என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கித் தபாலில் சேர்ப்பேன். இப்போது செல்போனில் எல்லாரும் அவரவரே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பிப் பல நாளாகியும் பதில் வராதபோது என்னிடம் வருகிறார்கள். அதனால் என் வேலை புதிதாக எழுதுவதிலிருந்து, எழுதியதைத் திருப்பி எழுதுவதாக மாறிவிட்டது.

அப்படி வருகிற புகார்களில் பாதிக்குமேல் மின்சாரம் பற்றியவை. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எப்படிப் பிரித்துத் திரும்பக் கட்டினேன் என்று சொல்கிறேன். எந்த அலுவலகம், யாருடைய வீடு என்பது இங்கே தேவையில்லை.

பக்கத்து ஊர் அக்கா ஒருவர் ஆகஸ்ட் 24ஆம் தேதி கடைக்கு வந்தார். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வழக்கமாக முந்நூறு சொச்சம் ரூபாய் வரும் மின்கட்டணம், இந்த முறை இரண்டாயிரத்து எழுநூறைத் தாண்டிவிட்டது. மகன் கப்பலிலிருந்தே ஆகஸ்ட் 12ஆம் தேதி புகார் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். பதில் இல்லை. கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 29. "கட்டலைன்னா பீஸைப் பிடுங்கிருவாங்களே அண்ணாச்சி" என்பதுதான் அவருடைய பயம்.

மகன் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். செல்போனில் பேசிப் பேசியே எழுத்தாக்கியிருக்கிறான். முற்றுப்புள்ளியே இல்லாமல் மூன்று பக்கம் ஓடியது. பொருள் என்ற இடத்தில் 'ஈபி பில் பிரச்சினை மிக அவசரம்' என்று இருந்தது. தொடக்கம் இப்படி:

> ஐயா வணக்கம் எங்க அப்பா இறந்து மூணு வருசம் ஆகுது அம்மா மட்டும் தனியா இருக்காங்க கரண்ட் தாத்தா பேர்ல இருக்கு அதை மாத்தணும்னு ரெண்டு தடவை அலைஞ்சோம் நடக்கல போன வருசம் மழையில எங்க தெரு போஸ்ட் சாஞ்சது அதுக்கும் நாங்கதான் போன் பண்ணோம் இப்ப பார்த்தா பில் இப்படி வந்திருக்கு எங்க வீட்ல ஏசி கிடையாது ஒரு பிரிட்ஜ் ரெண்டு பேன் அவ்வளவுதான் ரீடிங் எடுக்க வந்தவர் வேணும்னே செஞ்சிருக்கார்னு சந்தேகமா இருக்கு ஏன்னா அம்மா அன்னைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாங்க...

இதை முதலமைச்சர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர், சென்னைத் தலைமை அலுவலகம், இரண்டு பத்திரிகைகள் என்று பத்துக்கு மேற்பட்ட முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பியிருந்தான். கூடவே சாய்ந்த கம்பத்தின் படங்கள்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பட்ட கஷ்டத்தைப் பட்ட வரிசையிலேயே சொல்லியிருக்கிறான். ஆனால் அலுவலகத்தில் அதைத் திறக்கிறவர் வேறு வரிசையில் தேடுவார். எந்த இணைப்பு, எந்தப் பில், அதில் என்ன தப்பு, நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை அது. இந்த நான்கில் ஒன்றுகூட முதல் பக்கத்தில் இல்லை. மின் இணைப்பு எண் மூன்றாம் பக்கத்தின் நடுவில், அதுவும் ஓர் இலக்கம் குறைவாக இருந்தது. எங்கள் பக்கத்து இணைப்பு எண்கள் 07 என்று திருநெல்வேலி மண்டலத்தின் எண்ணோடு தொடங்கும். அதற்குப்பின் பிரிவு, பகிர்மானம், வீட்டு எண் எல்லாம் சேர்ந்தால்தான் கணினியில் அந்த வீட்டுக் கணக்கு திறக்கும். எண் தவறினால் படிக்கிறவருக்கு இரக்கம் வந்தாலும் வேலையைத் தொடங்க முடியாது.

புகாரைச் சுருக்குவதை நான் முதல் வேலையாக வைத்துக்கொள்வதில்லை. எழுதியதில் எதை அலுவலகம் தன் இடத்திலிருந்தே சரிபார்க்க முடியும் என்று தேடுவேன். ஏசி இல்லை என்பதை அவர்களால் பார்க்க முடியாது. அம்மா கோயிலுக்குப் போனதும் அப்படித்தான். மீட்டர் ரீடிங்கை மட்டும் பார்க்க முடியும். ஆனால் மூன்று பக்கத்திலும் ரீடிங் என்று ஓர் எண்கூட இல்லை. பணம், பணம் என்றுதான் இருந்தது. மின்கட்டணத் தகராறில் ரூபாயை வைத்துப் பேசினால் பேச்சு நகராது. ரூபாயைக் கணினி போடுகிறது. மனிதர் போடுவது ரீடிங். தப்பு நடந்திருந்தால் அங்கேதான் நடந்திருக்கும்.

அதனால் அக்காவிடம் வெள்ளை அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். ரீடிங் எடுக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையால் எழுதிவிட்டுப் போகும் அட்டை. வரும்போது மீட்டரையும், அதிலுள்ள எண் தெரிகிற மாதிரி, இன்றைய தேதியில் போட்டோ எடுத்து வரச் சொன்னேன். மீட்டரின் திரையில் யூனிட் மட்டும் நிற்காது. வோல்டேஜ், தேதி, உச்ச அளவு என்று மாறிமாறி வரும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் kWh என்று தெரியும்போதுதான் எடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் அந்த எழுத்துகளை எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் இரண்டும் வந்தன. அட்டையையும், செல்போனுக்கு வந்த பில் குறுஞ்செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜூன் 9 ரீடிங் இரண்டிலும் 6,148. ஆகஸ்ட் 9 ரீடிங் அட்டையில் 6,371, பில்லில் 6,731. அட்டைப்படி செலவு 223 யூனிட். பில்படி 583 யூனிட்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 360. ஒன்பதால் மீதியின்றி வகுபடும். கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த அடையாளம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். இங்கே மூன்றும் ஏழும் இடம் மாறியிருக்கின்றன. அட்டையில் சரியாக எழுதியவரே கருவியில் தட்டும்போது மாற்றித் தட்டியிருக்கிறார். அந்த வீட்டு மீட்டர் கடலைப் பார்த்த திண்ணைச் சுவரில் இருக்கிறது. உப்புக்காற்றிலும் வெயிலிலும் மேல்மூடி மங்கி, போட்டோவில்கூட எண் தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. சதி என்று நினைக்க ஒன்றும் இல்லை.

360 யூனிட் கூடியதற்குத் தொகை ஏன் இவ்வளவு ஏறியது என்பதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டோடு நிற்காது. நூற்றுக்கு மேலுள்ள யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 223 யூனிட்டில் நின்ற வீடு தப்பான ஓர் எண்ணால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

இதற்குமேல் ஒரு சாட்சி இருந்தது. அன்று எடுத்த போட்டோ. ஆகஸ்ட் 24 மாலை மீட்டர் காட்டியது 6,428. பதினைந்து நாளுக்கு முன்பு 6,731 என்று பில் போட்ட மீட்டர், இன்று அதைவிட 303 குறைவாகக் காட்டுகிறது. மீட்டர் பின்னோக்கி ஓடாது. அட்டையை யாராவது திருத்தி எழுதியிருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. இதற்குப் பதில் சொல்ல இடமில்லை. சந்தேகம் இருந்தால் ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்குப் போனாலும் மீட்டர் 6,731ஐ எட்டியிருக்காது. அந்த வீட்டின் செலவு ஒரு நாளைக்கு நான்கு யூனிட்டுக்குள்தான். அந்த எண்ணை எட்ட நவம்பர் ஆகிவிடும்.

மீட்டர் பின்னோக்கி ஓடாது: முழுப் புகாரும் இந்த ஒரு வரிதான். மகனுடைய மூன்று பக்கத்திலும் இது இல்லை. அவன் கடலில் இருக்கிறான், மீட்டரைப் பார்க்கவில்லை.

அடுத்தது, என்ன கேட்பது. மகன் கேட்டிருந்தவை பல. பில்லை ரத்து செய்ய வேண்டும், ரீடிங் எடுத்தவர்மேல் நடவடிக்கை வேண்டும், பெயர் மாற்றித் தர வேண்டும், கம்பத்தை மாற்ற வேண்டும், நஷ்டஈடு வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு மேசைக்குப் போகிற வேலை. ஐந்தும் ஒரே கடிதத்தில் இருந்தால் அது ஐந்து மேசைக்கும் சுற்றும், அல்லது எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். 'பெயர் மாற்றத்துக்கு உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்கவும்' என்று ஒரு வரி பதில் வந்தால், பில் அப்படியே இருக்கும், புகார் மட்டும் முடிந்ததாகக் கணக்காகிவிடும். அதனால் பில்லைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துத் தனித்தாளில் வைத்தேன்.

'ரத்து செய்ய வேண்டும்' என்பதையும் மாற்றினேன். பில்லை யாரும் ரத்து செய்யமாட்டார்கள். அந்த வீட்டில் 223 யூனிட் ஓடியிருக்கிறது, அதற்குப் பணம் கட்டத்தான் வேண்டும். ரீடிங்கைச் சரிபார்த்துத் திருத்திய பில் தருவது அவர்கள் கையில் உள்ள வேலை. கேட்பது எதிரே இருப்பவரின் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும்.

வேண்டுமென்றே செய்தார் என்ற வரியை எடுத்ததில்தான் அக்காவுக்கு வருத்தம். "எம் மவன் அத்தனையும் எழுதியிருக்கான், நீங்க பாதிய காணாமப் பண்ணிட்டீயளே" என்றார்.

"காணாமப் பண்ணல அக்கா. அந்த மீட்டரை மறுபடி வந்து பார்த்து எழுதப்போறது யாரு? அதே ஆபீஸ் ஆளுகதான். குத்தம் சொன்னா அவங்க பில்லை விட்டுட்டு அவங்களைக் காப்பாத்தப் பார்ப்பாங்க. புகார் விசாரணைக்குன்னு வேற பக்கம் போயிரும். உங்களுக்குப் பில் குறையணுமா, அவரை விசாரிக்கணுமா?"

"பில்லுதான் குறையணும். அவரு என்ன செய்வாரு பாவம், வெயில்ல அலையிதாரு" என்றார்.

அப்பா இறந்ததையும் எடுத்துவிட்டேன். அதற்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இணைப்பு மாமனார் பெயரில் இருக்க, புகார் மருமகள் பெயரில் போனால், 'நீங்கள் யார்' என்ற கேள்வி வரும். அதற்கு மட்டும் ஒரு வரி வைத்தேன்.

கடைசி நாள் நெருங்கிவிட்டதால் இன்னொன்றும் சேர்க்க வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு பயனுள்ளது. பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் எழுத்தில் 15 நாள் அறிவிப்பு தர வேண்டும். தொகையில் தகராறு இருந்தால், கேட்கும் தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டலாம். கட்டிவிட்டால் தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. சராசரியை அட்டையிலிருந்தே எடுத்தேன். முந்தைய மூன்று பில்களில் 187, 205, 241 யூனிட். சராசரி 211. ஆனால் ஆன்லைனில் கட்டப் போனால் பில்லின் முழுத் தொகைதான் வந்து நிற்கும். குறைத்துக் கட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதையும் கேட்டால்தான் உண்டு.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் மாற்றம் செய்தேன். பத்து முகவரிக்குப் போனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். பெரிய இடத்துக்குப் போனதும் சுற்றிச்சுற்றிப் பிரிவு அலுவலகத்துக்குத்தான் இறங்கி வரும், அதற்குள் தேதி முடிந்துவிடும். பெறுநர் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் ஒருவர். நகல், பில் திருத்தத்தைப் பார்க்கும் வருவாய்ப் பிரிவு உதவிக் கணக்கு அலுவலருக்கு. அவ்வளவுதான்.

கடைசியில் போனது இது:

> பொருள்: மின் இணைப்பு எண் 07-…: ஆகஸ்ட் 9 ரீடிங் 6,371க்குப் பதில் 6,731 எனப் பதிவு. பில் திருத்தம் வேண்டி. கடைசி நாள் ஆகஸ்ட் 29.
>
> ஐயா,
>
> மேற்கண்ட வீட்டு இணைப்புக்கு ஆகஸ்ட் 9 அன்று ரீடிங் 6,731 எனப் பதிவாகி 583 யூனிட்டுக்குப் பில் வந்துள்ளது. இன்று, ஆகஸ்ட் 24 மாலை, மீட்டர் காட்டும் ரீடிங் 6,428 மட்டுமே. எனவே பில்லில் உள்ள ரீடிங் தவறு.
>
> ஜூன் 9: 6,148 (அட்டை, பில் இரண்டிலும்)
> ஆகஸ்ட் 9: அட்டையில் 6,371, பில்லில் 6,731
> ஆகஸ்ட் 12: மின்னஞ்சலில் புகார் அனுப்பினோம். பதில் வரவில்லை.
> ஆகஸ்ட் 24: மீட்டரில் 6,428
>
> அட்டைப்படி செலவு 223 யூனிட். முந்தைய மூன்று பில்களின் சராசரி 211 யூனிட்.
>
> வேண்டுவது: மீட்டரை நேரில் சரிபார்த்து, ஆகஸ்ட் 9 ரீடிங்கைத் திருத்தி, புதிய பில்லை ஆகஸ்ட் 29க்குள் அளிக்க வேண்டுகிறேன். அதற்குள் இயலாவிட்டால், மின்சாரச் சட்டம் 2003 பிரிவு 56இன்படி ஆறு மாதச் சராசரித் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்த அனுமதித்து, தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு காலஞ்சென்ற என் மாமனார் பெயரில் உள்ளது. வீட்டில் குடியிருப்பவர் நான். காலை நேரத்தில் எப்போது வந்தாலும் மீட்டரைக் காட்டுகிறேன்.
>
> இணைப்பு: அட்டையின் படம், பில் குறுஞ்செய்தி, இன்றைய மீட்டர் படம்.

பொருள் வரியை எழுதத்தான் அதிக நேரம் எடுத்தது. அஞ்சல்பெட்டியைத் திறக்கிறவர் முதலில் பார்ப்பது அதை மட்டும்தான். 'மிக அவசரம்' என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். கடைசி நாளை எழுதினால் அவசரம் தானே தெரியும். தேதிகளைப் பத்திக்குள் புதைக்காமல் தனித்தனி வரியாக வைத்தேன். அங்கே பில் திருத்துகிறவர் தன் கணினியில் ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி. கேட்பது ஒரே பத்தியில் இருக்கிறது. முதலாவது முடியாவிட்டால் இரண்டாவது என்று மாற்று வழியும் அதிலேயே உண்டு.

'ஆகஸ்ட் 9 அன்று மீட்டர் 6,371தான் காட்டியது' என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனிக்கலாம். அன்று அக்கா பார்க்கவில்லை. அட்டையில் அப்படி இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறேன். தெரிந்ததற்குமேல் ஒரு சொல் கூட்டினாலும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட முடியும். ஒன்பதால் வகுபடும் கணக்கையும் கடிதத்தில் சேர்க்கவில்லை. நான் காரணத்தைப் புரிந்துகொள்ள உதவியதுதான் அது. அவர்களுக்கு மீட்டர் போட்டோ போதும்.

அனுப்பிய கையோடு அதை அச்செடுத்து, அக்காவிடம் கொடுத்து, மறுநாள் பிரிவு அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மின்னகம் எண்ணிலும் பதிந்து புகார் எண் வாங்கினோம். 2021 ஜூனில் தொடங்கிய 94987 94987 என்ற அந்த எண்ணில் எந்த நேரமும் பதியலாம். புகார் எண் கையில் இருந்தால் பின்னால் போகிற எல்லாக் கடிதத்திலும் அதை முதல் வரியில் வைக்கலாம்.

கடைசி நாளுக்கு முன்பே ஆள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். பில் 223 யூனிட்டுக்கு மாறியது.

எல்லாப் புகாரும் இப்படி முடிவதில்லை. மீட்டரே வேகமாக ஓடுகிறது என்ற புகாருக்கு இந்த முறை உதவாது. அங்கே பில்லிலும் மீட்டரிலும் ஒரே எண்தான் இருக்கும். கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்வதுதான் அங்கே கேட்கவேண்டியது. குறைந்த மின்னழுத்தப் புகார் என்றால் 'கரண்ட் டல்லா இருக்கு' என்று எழுதிப் பயனில்லை. மீட்டர் திரையில் வரும் வோல்டேஜை மாலை ஏழு மணி, எட்டு மணி என்று சில நாள் குறித்து, தேதி வாரியாகக் கொடுக்க வேண்டும். வீட்டு இணைப்பில் ஆறு சதவீதத்துக்குமேல் மாறக்கூடாது என்பது அளவு. குறித்த எண்கள் அதற்கு வெளியே இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பிரிவு அலுவலகம் அசையாவிட்டால் மாதந்தோறும் கோட்டத்தில் நடக்கும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். அதற்குமேல் வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும்மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார்கள். அந்த மன்றத்துக்குப் போவதாக இருந்தாலும் கடிதத்தைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அதே தேதி வரிசையில், அனுப்பிய நாளையும் பதில் வராத நாளையும் கீழே ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போனால் போதும். தொடக்கத்திலிருந்தே தேதிகளைத் தனி வரியாக வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

தனித்தாளில் எடுத்துவைத்த நான்கில், நஷ்டஈட்டையும் நடவடிக்கையையும் அக்காவே வேண்டாம் என்றுவிட்டார். கம்பத்தைப் பற்றி மின்னகத்தில் தனிப் புகார் பதிந்தோம். பெயர் மாற்றத்துக்கு மாமனாரின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவற்றைத் தேடி எடுத்து வந்ததும் அதற்கான விண்ணப்பத்தைத் தொடங்குவோம்.